பச்சிளம் குழந்தைங்க பிரிவு எஸ்.என்.சி.யு வருஷ பிளான், 2026 ஏப்ரல் - 2027 மார்ச்

டாக்டர்ஸ், சிஸ்டர்ஸ், லேபர் வார்டு, தியேட்டர், ஸ்டோர் எல்லாருக்கும் சேத்துதான் இது. கண்காணிப்பாளர் ஓகே சொல்லிட்டாங்க. இந்த வருஷம் புது மெஷின் எதுவும் பெருசா கேக்கல, நாலே நாலு டார்கெட்தான், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொறுப்பாளர். நம்ம கிட்ட வர்ற குழந்தைங்கள்ல பாதிக்கு மேல எடை கம்மி, அதுங்களுக்கு சூடும் அம்மாவும்தான் முதல் மருந்து, பிளான் மொத்தமும் அத சுத்திதான் இருக்கு.

முதல் டார்கெட், சூடு. நம்ம ஆஸ்பத்திரிலயே பொறந்து எஸ்.என்.சி.யு வர்ற குழந்தைங்கள்ல ஜனவரி-மார்ச் ரெஜிஸ்டர் படி 100க்கு 38 பேர் 36.5 டிகிரிக்கு கீழ வந்துருக்காங்க. செப்டம்பருக்குள்ள இது 20, மார்ச்சுக்குள்ள 10 ஆகணும். குளுந்து போன குழந்தைக்கு சுகர் எறங்கும், ஆக்ஸிஜன் தேவை ஏறும், அப்புறம் நாம மூணு நாள் போராடணும். எங்க குளுருதுன்னு பாத்தா ரெண்டே எடம்தான்: ஈரம் தொடச்ச அதே டவல்ல திரும்ப சுத்துறது, லிஃப்டுக்கு காத்து நிக்கிறது. ஒரு குழந்தைக்கு ரெண்டு டவல், ஒரு தொப்பி, முதல் டவல் கைய விட்டு போயிடணும். சிசேரியன் தியேட்டர் ஏசி குழந்தை வெளிய வர்றதுக்கு முன்னாடியே 26க்கு வந்துருக்கணும். பொறுப்பு: லேபர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டர். லிஃப்ட் ஆபரேட்டர் கிட்ட ஆர்.எம்.ஓ பேசுவாரு.

ரெண்டாவது, கங்காரு கவனிப்பு, குழந்தைய வெறும் நெஞ்சோட ஒட்டி கட்டி வெச்சுக்கறது. 2 கிலோவுக்கு கீழ இருக்க குழந்தைக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 8 மணி நேரம், 100ல 80 பேருக்கு, டிசம்பருக்குள்ள. உலக சுகாதார நிறுவனம் 2022லயே குழந்தை முழுசா ஸ்டெடி ஆகற வரைக்கும் காத்திருக்காம பொறந்த உடனே ஆரம்பிக்க சொல்லிடுச்சு, தானா மூச்சு விட முடியாத குழந்தை, வென்டிலேட்டர் தேவைப்படற குழந்தை, ஷாக்ல இருக்க குழந்தை மட்டும்தான் விதிவிலக்கு. அதுக்கு முந்தின வருஷம் வந்த அஞ்சு நாட்டு ஆய்வுல, இந்தியாவும் அதுல ஒண்ணு, உடனே ஆரம்பிச்ச குரூப்ல 28 நாளுக்குள்ள நடந்த சாவு கால்வாசி கம்மி. இத விட பலமான மருந்து நம்ம ஸ்டோர்ல எது இருக்கு சொல்லுங்க! நமக்கு அடி விழறது ராத்திரிதான், ஒன்பது மணிக்கு மேல அம்மாங்கள வார்டுக்கு அனுப்பிடறாங்க, சார்ட்டுல காலைல வரைக்கும் வெறும் கோடுதான் இருக்கு. இனிமே அனுப்பக்கூடாது. அப்பாவும் பாட்டியும் கூட உக்காரலாம், திரை போட்டு குடுக்கறோம். பொறுப்பு: எஸ்.என்.சி.யு இன்சார்ஜ் சிஸ்டர், ராத்திரிக்கு டியூட்டி டாக்டர்.

மூணாவது, கண் பரிசோதனை. 2 கிலோவுக்கு கீழ, இல்ல 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தவங்க எல்லாருக்கும் 30 நாளுக்குள்ள, 28 வாரம் இல்ல 1200 கிராமுக்கு கீழன்னா ரெண்டு மூணு வாரத்துக்குள்ளயே. டார்கெட் 100க்கு 100, இதுல குறைச்சு பேச எடமே இல்ல, ஏன்னா தவறிட்டா போன பார்வை திரும்ப வராது. வார்டுல இருக்கும்போது யாரும் தவறல, டிஸ்சார்ஜ் ஆகி போனவங்கதான் வர்றதில்ல. அதனால டிஸ்சார்ஜ் கார்டுல தேதிய பெருசா தமிழ்ல எழுதணும், ரெண்டு நாள் முன்னாடி போன், எடுக்கலைன்னா அவங்க கிராமத்து வி.எச்.என்னுக்கு தகவல். கண் டாக்டர் புதன்கிழமை வருவாங்க. பொறுப்பு: டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், அவங்களுக்கு மேல நான்.

நாலாவது, ஆன்டிபயாடிக். முதல் டோஸுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர், 48 மணி நேரத்துல திரும்ப பாத்து நிறுத்தறதா தொடர்றதான்னு கேஸ் ஷீட்ல எழுதறது, 100ல 90. பொறுப்பு: அசிஸ்டன்ட் டாக்டர்.

ஆள், பணம்: 12 பெட்டுக்கு 11 ஸ்டாஃப் நர்ஸ் இருக்காங்க, யாராச்சும் லீவுன்னா ராத்திரி ரெண்டு பேர்தான். இன்னும் 3 பேர் கேட்டு ஜே.டி ஆபீஸுக்கு லெட்டர் போயிருக்கு. வர்ற வரைக்கும் ரெண்டு பணியாளர்களுக்கு கங்காரு ட்ரெயினிங் குடுத்து ராத்திரி போடறோம், டார்கெட்ட குறைக்கல. சாய்வு சேர் 6, திரை, கட்டற துணி 30, தொப்பி எல்லாம் நோயாளர் நலச் சங்க நிதில 1.4 லட்சம், மே மாசத்துக்குள்ள வாங்கியாகணும். ரிப்பேர்ல கிடக்கற ரெண்டு வார்மர் ஜூன் 15க்குள்ள, பொறுப்பு பயோமெடிக்கல் இன்ஜினியர். கல்ச்சர் பாட்டில் மாச இன்டென்ட்ல தவறாம போகணும், ஸ்டோர் பார்மசிஸ்ட் பாத்துக்குவாங்க.

ரிவ்யூ மூணு மாசத்துக்கு ஒரு தடவ, அந்த மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியம் 2 மணி, ரெஜிஸ்டரோட. ஜூலை 14: சேர், வார்மர் வந்துச்சா, தியேட்டர் ஏசி சார்ட். அக்டோபர் 13: சூடு 20க்கு வந்துச்சா, நர்ஸ் போஸ்டிங் என்னாச்சு, வரலைன்னா கண்காணிப்பாளரோட நானே நேர்ல போய் ஜே.டிய பாக்கறேன். ஜனவரி 12: கங்காரு 80 வந்துச்சா, அதுலயும் ராத்திரி மணிநேரத்த தனியா எடுத்து பாப்போம். ஏப்ரல் 13: நாலும் சேத்து, அடுத்த வருஷ பிளானும் அன்னிக்கே. கண் பரிசோதனை மட்டும் மூணு மாசம் காத்திருக்காது, ஒரு குழந்தை தவறினாலும் அந்த வாரமே எனக்கு சொல்லணும்.