தாதர் டிடி: தாத்தா பார்த்த கடைசி டிராம்

(மதியம் ஒன்றரைக்கு ரெக்கார்டிங். பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்கள் சாப்பாட்டுக்கு நிற்கும் நேரம் அதுதான். மின்விசிறியை அணைக்க வேண்டும். தாத்தா திட்டுவார், பரவாயில்லை.)

முன்னுரை, கேமராவைப் பார்த்து:

வணக்கம், நான் கயல். இது தாராவியில் எங்கள் வீடு. பக்கத்தில் இருப்பவர் என் அம்மாவின் அப்பா, செல்லையா தாத்தா. பிறந்தது 1953. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

தாதர் டிடி என்று தினமும் சொல்கிறோம். அந்த டிடி 'டிராம் டெர்மினஸ்' என்று போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை ஏதோ டிக்கெட் பரிசோதகர் விவகாரம் என்று நினைத்திருந்தேன். பம்பாயில் 1874-இல் குதிரை இழுத்த டிராம், 1907-இல் மின்சார டிராம், 1920-இல் மாடி டிராம். 1964 மார்ச் 31 இரவு, போரிபந்தரிலிருந்து தாதருக்கு ஓடியதே கடைசி. அதைப் பார்க்கத் தாத்தாவைப் பூட்டன் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். "கூட்டத்தில் ஒரு செருப்பு போச்சு" என்பதோடு கதையை எப்போதும் நிறுத்திவிடுவார். இன்றைக்கு மிச்சத்தையும் கேட்கப் போகிறேன்.

கேள்விகள்:

1. தாத்தா, அப்போது நம் வீடு எப்படி இருந்தது? எத்தனை பேர் படுப்பீர்கள்? (சும்மா பேச்சுக்கு. நீண்டால் விட்டுவிடு.)

2. டிராமில் முதன்முதலில் எப்போது ஏறினீர்கள்? டிக்கெட் காசு யார் கொடுத்தது, அணாவா நயா பைசாவா? (நயா பைசா வந்தது 1957-இல். அவருக்கு அப்போது நாலு வயது. குழப்பினால் திருத்தாதே.)

3. மேல் மாடியில் உட்கார விடுவார்களா? அங்கிருந்து என்ன தெரியும்? என்ன சத்தம் கேட்கும்?

4. சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். அப்பா வேலையிலிருந்து நேரே வந்தாரா? ஆச்சி உங்களை அவ்வளவு நேரம் வெளியே விட்டார்களா?

5. டிராம் வந்து நின்றதும் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? (இங்கே அவசரப்படாதே. அவர் கண்ணை மூடினால் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதே.)

6. செருப்பு எந்தக் கால்? அப்பா தேடினாரா, திட்டினாரா?

7. தாராவிக்கு எப்படித் திரும்பினீர்கள்? வழியில் அப்பா என்ன பேசிக்கொண்டு வந்தார்?

(ஏழாவதுக்காகத்தான் மற்ற ஆறும். பூட்டனைப் பற்றித் தாத்தா பேசவே மாட்டார் என்று அம்மா சொன்னாள். வேண்டாம் என்று கையைக் காட்டினால் கேமராவை நிறுத்திவிட்டுத் தேநீர் போடு.)

8. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனீர்கள்?