பத்துப் பேர் கொண்ட பழைய குடும்பப் படம்: ஓவியருக்கான குறிப்பு

வணக்கம் ஐயா. 1968-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் ஸ்கேனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரையப்போகும் உங்களுக்கு, படத்தில் தெரியாததையும் பாதி தெரிவதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நிறங்கள் எல்லாம் என் அம்மா சொன்னவை. அந்தப் படத்தில் நிற்பவர்களில் அவரும் ஒருவர். இடம், வலம் என்று எழுதும் இடத்திலெல்லாம் படத்தைப் பார்க்கும் நமக்கு இடம், வலம் என்றே கொள்ளுங்கள். மச்சம், வகிடு, மூக்குத்தி எதற்கும் இதுதான் கணக்கு.

மொத்தம் பத்துப் பேர். பின்வரிசையில் நால்வர் நிற்கிறார்கள். நடுவில் மூன்று நாற்காலிகளில் மூன்று பெரியவர்கள், அவர்களில் ஒருவர் மடியில் ஒரு குழந்தை. தரையில் இரண்டு சிறுவர்கள். வெயில் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. அதனால் எல்லார் முகத்திலும் வலப்பக்கம் நிழல்.

பின்வரிசை இடக்கோடியில் பெரிய மாமா, வயது இருபத்திரண்டு. ஒல்லி, நீண்ட கழுத்து, தொண்டைமணி துருத்தித் தெரியும். மீசை இப்போதுதான் அரும்பியது போல மெல்லிய கோடு. வெள்ளை முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்திருக்கிறார், பையில் ஒரு பேனா. கால்சட்டை அடர்சாம்பல். வலப்பக்கம் தெரியும் கை, முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் நாற்காலி முதுகில் இருக்கிறது.

அவருக்கு அடுத்து பெரியம்மா, அதற்கடுத்து என் அம்மா. இந்த இருவரிடம்தான் நீங்கள் அதிக கவனம் வைக்க வேண்டும். உயரம் ஒன்று, உடல்வாகு ஒன்று, இருவரும் தாவணி. கறுப்பு வெள்ளையில் அடர்சிவப்பும் அடர்பச்சையும் ஒரே சாம்பலாக விழுந்துவிடுவதால், படத்தில் இருவரும் ஒரே துணியில் வெட்டிய தாவணியைப் போட்டிருப்பது போல இருக்கிறது. உண்மையில் பெரியம்மாவுடையது அரக்குச் சிவப்பு, பாவாடை சந்தன நிறம். அம்மாவுடைய தாவணி இலைப்பச்சை, பாவாடை ஊதா. இருவர் ரவிக்கையும் வெள்ளை. பெரியம்மாவுக்குக் கொஞ்சம் உப்பலான கை வைத்தது, அம்மாவுக்குச் சாதாரணக் கை.

முகத்தில் வித்தியாசம் இப்படி. பெரியம்மாவுக்கு நீள்முகம், புருவங்கள் நடுவில் கிட்டத்தட்ட சேர்ந்துவிடும், உதட்டை இறுக்கமாக மூடியிருக்கிறார். ஜிமிக்கி போட்டிருக்கிறார். பின்னலை இடப்பக்கத் தோள்மேல் முன்னால் எடுத்து விட்டிருக்கிறார். அம்மாவுக்கு வட்டமுகம், புருவம் மெல்லியது, இடைவெளி அதிகம். காதில் சின்னத் தோடு மட்டும், பின்னல் முதுகுப்பக்கம் போவதால் முன்னால் தெரியாது. லேசாகச் சிரிக்கிறார்; மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. தாடையின் வலப்பக்கம் ஒரு மச்சம் உண்டு. ஸ்கேனில் அது அழுக்குப் புள்ளி போலத் தெரியும், தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள். பெரியம்மாவின் கன்னத்தில் தெரிவதுதான் நிஜமான அழுக்கு, அதை வரையவேண்டாம்.

பின்வரிசை வலக்கோடியில் சின்னத் தாத்தா, தாத்தாவின் தம்பி. எல்லாரையும் விட ஒரு தலை உயரம், முன்தலை வழுக்கை. பழுப்பு நிறக் கோட்டு, உள்ளே வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை இல்லை. கறுப்புத் தடிச்சட்டக் கண்ணாடியில் இடப்பக்கத்து வில்லை வெயிலில் பளீரென்று வெளுத்துக் கண்ணை மறைத்துவிட்டது. அதை அப்படியே வெள்ளையாக வரைய வேண்டாம். வலப்பக்கம் தெரியும் கண்ணைப் பார்த்து மற்றதையும் போடுங்கள். இரண்டுமே சிறிய, ஆழத்தில் இருக்கும் கண்கள். அம்மாவின் தோளிலிருந்து இவர் கை வரை குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடு, படத்தை மடித்த தடம்.

சரி, நடுவரிசை. இடப்பக்க நாற்காலியில் பாட்டி. மெலிந்த தேகம், கழுத்தெலும்பு தெரியும், இரு பக்கமும் மூக்குத்தி. தலை முழுதும் கறுப்பு, இடப்பக்கக் காதோரம் மட்டும் ஒரு நரைக்கற்றை. கடுகு மஞ்சள் நூல் சேலை, சிவப்புக் கரை; படத்தில் கரை கறுப்பாகத் தெரிகிறதே என்று குழம்பவேண்டாம். பாட்டி கேமராவைப் பார்க்கவில்லை, மடியிலிருக்கும் குழந்தையைக் குனிந்து பார்க்கிறார். முகத்தை நிமிர்த்தி வரைந்தால் படம் இன்னும் ஒழுங்காக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் ஐயா. அந்தக் குனிந்த முகம்தான் எங்கள் பாட்டி.

மடியில் இருப்பது சின்ன மாமா, ஒன்றரை வயது. படம் எடுத்த நொடியில் தலையைத் திருப்பிவிட்டார், அதனால் முகம் இரண்டாகக் கலங்கிக் கிடக்கிறது. முகத்தை வலப்பக்கம் பாதி திருப்பியதாக வரையுங்கள்: உப்பிய கன்னம், நெற்றியில் கறுப்புப் பொட்டு, சுருட்டை முடி, சட்டை இல்லை, இடுப்பில் கறுப்புக் கயிறு. ஒரு கை பாட்டியின் சேலையைப் பிடித்திருக்கிறது. அந்த விரல்கள் மட்டும் அசையாமல் தெளிவாக விழுந்திருக்கின்றன.

நடு நாற்காலியில் தாத்தா. அகலத் தோள், சதுரத் தாடை, முழு மீசை, நரைத்த கிராப்பு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வலப்பக்கத் தோளில் மடித்த துண்டு. மூன்று வெள்ளையும் ஒன்றாக இருக்காது: சட்டை பழசு, லேசாக மஞ்சளடித்தது, துண்டுதான் பளிச்சென்று புதுசு. இரண்டு கைகளும் முட்டிமேல். இடப்பக்கம் தெரியும் கையில் மோதிர விரல் நுனிக்கணு இல்லாமல் குட்டையாக இருக்கும். இயந்திரத்தில் போனது. ஸ்கேனில் விரல் நிழலில் மறைந்தது போலத் தோன்றும், அப்படி நினைத்து முழு விரலாக்கிவிடாதீர்கள். தாத்தா அந்தக் கையை ஒருநாளும் மறைத்ததில்லை.

வலப்பக்க நாற்காலியில் தாத்தாவின் அக்கா. பற்கள் விழுந்து கன்னம் ஒட்டிய முகம், தொங்கும் காதுமடல், நகை எதுவும் இல்லை. வெள்ளைச் சேலை, முந்தானை தலையை மூடியிருக்கிறது. நேராகக் கேமராவைப் பார்ப்பவர் இவர். படத்திலேயே கூர்மையான பார்வை இவருடையதுதான்.

தரையில் இடப்பக்கம் சித்தி, ஒன்பது வயது. சம்மணம் போட்டிருக்கிறாள், வெளிர்நீலக் கவுன், வெள்ளைக் காலர். மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். இடப்பக்க ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. வலப்பக்கம் நடு மாமா, ஏழு வயது, காக்கி அரைக்கால்சட்டை, வெள்ளையில் நீலக்கோடு போட்ட சட்டை. பொத்தானை ஒரு ஓட்டை மாற்றிப் போட்டிருப்பதால் காலரின் ஒரு பக்கம் ஏறி நிற்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறான், கோபம் இல்லை.

பின்னால் சுண்ணாம்புச் சுவர், மூடிய பச்சை ஜன்னல். வேறு எதுவும் சேர்க்கவேண்டாம்.

வண்ணம் தொடும் முன் பென்சில் கோட்டில் பத்துப் பேரையும் ஒருமுறை அனுப்புங்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னபிறகு மேலே போகலாம். அவசரம் இல்லை ஐயா, முகங்களுக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.