எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, கணிதப் பயிற்சித்தாள்: பொறுப்பேற்கும் ஆசிரியைக்கு ஒரு குறிப்பு

மதிப்பிற்குரிய தமிழாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். நாளை குறுவள மையக் கூட்டத்திற்கு நான் செல்ல வேண்டியிருப்பதால், பிற்பகலின் முதல் இரண்டு பாடவேளைகளிலும் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் தெரிவித்தார். புதிய பாடம் எதுவும் நடத்த வேண்டியதில்லை. நில அளவையும் நீர் அளவும் பற்றிய பயிற்சித்தாளை மாணவர்கள் தாமாகவே செய்வதுதான் நாளைய வேலை.

என் மேசையின் இடப்பக்க இழுப்பறையில் 40 பயிற்சித்தாள்கள் உள்ளன. வகுப்பில் 38 பேர். வருகைப்பதிவு எடுத்த பிறகு தாள்களைக் கொடுத்து, பெயரையும் வரிசை எண்ணையும் முதலில் எழுதச் சொல்லுங்கள். இதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், நான்கு தாள்களாவது பெயரில்லாமல் வந்துவிடும். 12 கணக்குகளில் முதல் ஆறும் தனித்தனியாகச் செய்ய வேண்டியவை. ஏழாவதிலிருந்து, இரண்டாம் பாடவேளையில், பக்கத்தில் இருப்பவரோடு பேசிச் செய்யலாம். ஆனால் ஒவ்வொருவரும் தம் தாளில் வழிமுறையைத் தாமே எழுத வேண்டும். துணைக்கணக்கைத் தாளின் பின்பக்கத்தில் போட வேண்டும், அழிக்கக் கூடாது. எங்கே தடுமாறினார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரியும்.

யாராவது ஐயம் கேட்டால், விடையைச் சொல்லாமல், “கணக்கில் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள்?” என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். ‘குழி’ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு, 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி என்றும், 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்றும் கரும்பலகையில் எழுதிவிடலாம். வீட்டில் தாத்தாக்கள் பேசக் கேட்டிருந்தாலும் கணக்காக அவர்கள் இதைப் பார்த்ததில்லை.

விடைக்குறிப்பு காக்கி உறையில் உள்ளது. தாள்கள் அனைத்தும் கைக்கு வந்து சேரும்வரை அந்த உறையைத் திறக்காமல் தங்களிடமே வைத்திருக்க வேண்டுகிறேன். சென்ற ஆண்டு, நேரம் மிச்சமாகட்டும் என்று வகுப்புத் தலைவனிடம் விடைக்குறிப்பைக் கொடுத்துவிட்டேன். அதில் நான் தவறுதலாக இட்டிருந்த புள்ளி ஒன்றும் சேர்ந்தே முப்பது தாள்களில் அச்சாகத் திரும்பி வந்தது.

தாங்கள் திருத்துவது முதல் ஆறு கணக்குகளை மட்டுமே; விடை சரியென்றால் ஒரு குறி, தவறென்றால் வட்டம், மதிப்பெண் தேவையில்லை. மற்றவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். எனினும் மூன்று கணக்குகளைப் பற்றி மாணவர்கள் தங்களிடம் வாதிடக்கூடும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவதில் 120 அடிக்கு 180 அடி நிலம் எத்தனை குழி என்ற கேள்விக்கு, விடைக்குறிப்பில் 21,600 சதுர அடியை 144 ஆல் வகுத்து 150 குழி என்று காட்டியிருக்கிறேன். சன்னலோரம் மூன்றாம் பெஞ்சில் இருக்கும் பையன், நிலத்தைக் கோல் போட்டு அளக்கும் வீட்டுப் பிள்ளை, நேரே பத்துக் கோல், பதினைந்து கோல் என்று பெருக்கிவிடுவான்; அதுவும் முழுச்சரி. 1,800 என்று எழுதுபவர்கள் 12 ஆல் மட்டும் வகுத்திருப்பார்கள். பதினொன்றாவதில் விநாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்துவிட்டால் 86.4 கோடி கன அடி, அதாவது 0.864 டி.எம்.சி. வர வேண்டும். 1.44 கோடி என்று வந்தால், ஒரு 60 ஐப் பெருக்க மறந்திருக்கிறார்கள். பன்னிரண்டாவதில் ஒரு வேலி 6.61 ஏக்கர் என்பது விடைக்குறிப்பு. மூன்று மா ஒரு ஏக்கர் என்ற ஊர்வழக்கைக் கொண்டு 6.67 என்று எழுதுபவர்களுடையதையும் தவறு என்று சொல்ல வேண்டாம்.

இரண்டாம் பாடவேளை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது தாள்களை வாங்கத் தொடங்குங்கள். மணி அடித்த பிறகு வாங்கினால் பாதித் தாள் பைக்குள் போய்விடும். முடிக்காதவர்களிடமும் அப்படியே வாங்கிவிடுங்கள். வீட்டிற்குக் கொடுத்தனுப்ப வேண்டாம், அண்ணன் அக்காள் கையெழுத்தில் வரும். வரிசை எண்படி அடுக்கி, எண்ணிப் பார்த்து, வராதவர்களின் எண்களை மேல்தாளில் குறித்து டேக் போட்டுக் கட்டி, விடைக்குறிப்பு உறையுடன் என் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சாவி தலைமையாசிரியர் அறையில் இருக்கும்.

முன்னதாக முடிப்பவர்கள் தங்கள் வயல் அல்லது வீட்டு மனையின் நீள அகலத்தைக் கொண்டு ஒரு கணக்கைத் தாமே உருவாக்கித் தாளின் அடியில் எழுதட்டும். நல்லதாக ஒன்றிரண்டு கிடைத்தால் அடுத்த பயிற்சித்தாளில் சேர்த்துக்கொள்வேன்.

தங்கள் உதவிக்கு மிக்க நன்றி.

இப்படிக்கு,
கணித ஆசிரியர், எட்டாம் வகுப்பு