தபால் சாரின் பணி நிறைவு விழா உரை

கண்காணிப்பாளர் அவர்களே, மேசைகளை எல்லாம் ஓரம் தள்ளி நம் பிரிவை விழா மண்டபம் ஆக்கிய நண்பர்களே, சாரின் துணைவியார் அவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் சாரின் பெயரை இரண்டு இனிஷியலோடு போட்டிருந்தோம். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் போன் பண்ணி, "யாருங்க இவரு, மாறுதல்ல புதுசா வந்தவரா?" என்று கேட்டார். தபால் சார் என்றதும், "அட, அவரா! முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். அதனால் நானும் தபால் சார் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

நான் இளநிலை உதவியாளராக வந்து சேர்ந்த அன்று, ஒரு கடிதத்தைக் கொடுத்து ஓட்டை போடச் சொன்னார். பன்ச்சை எடுத்து டக்கென்று அமுக்கினேன். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தாளை எடுத்து, ஓரத்தை மட்டும் லேசாக மடித்து, நடுவில் நகத்தால் கீறி, அந்தக் கீறலைப் பன்ச்சுக்கு நேராக வைத்து அமுக்கிக் காட்டினார். "ஓட்டை தள்ளிப் போனா டேக் இழுக்கும்மா. டேக் இழுத்தா தாள் கிழியும். கிழியிற தாள்லதான் யாரோ ஒருத்தரோட இன்கிரிமென்ட் ஆர்டர் இருக்கும்" என்றார். மின் அலுவலகம் வந்தபோது, இனிமேல் ஓட்டை போட ஒன்றுமே இல்லையே, சார் என்ன செய்வார் என்று கவலைப்பட்டோம். அவர் பிரின்ட் எடுத்து ஓட்டை போட்டார்.

மின்விசிறி சத்தம் போட்டால் நாமெல்லாம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். சார் குறிப்பு எழுதுவார். "பொருள்: மின்விசிறி – தலைக்கு மேல் ஆடுதல் – உடன் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக." பத்து நாள் கழித்து, "நினைவூட்டு 1". அம்மா, நாளையிலிருந்து காய்கறிப் பட்டியலுக்கு ந.க. எண் கேட்டால் கோபப்படாமல் ஒன்று போட்டுக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் வெண்டைக்காய் வராது.

அப்புறம் ரயில் கதை. சார் அம்பத்தூரிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் சென்ட்ரல் வந்து, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, சேப்பாக்கத்தில் இறங்குவார். 2023 ஆகஸ்டில் நாலாவது பாதை வேலைக்காகக் கடற்கரையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை ரயிலை நிறுத்தினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஓடவில்லை. சார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, எப்போதும்போல நமக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே வரும் நண்பர் ஒருவர்தான் அந்த வருடம் முழுக்க, "ட்ரெயின் இல்ல சார்" என்று லேட்டாக வந்தார். அவரும் இங்கேதான் இருக்கிறார். சார் ஒரு நாளும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதனால் நானும் பெயர் சொல்லவில்லை.

சாரைப் பற்றி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது வேறு. பணியிலிருக்கும்போதே இறந்துபோன ஒரு காவலாளியின் மனைவி, குடும்ப ஓய்வூதியத்துக்காக இங்கே அலைந்தார். பணிப்பதிவேட்டைக் காணோம். நாங்கள் எல்லோரும் "தேடுறோம்மா, அடுத்த வாரம் வாங்க" என்றோம். சார் அப்படிச் சொல்லவில்லை. அந்தம்மாவை உட்காரவைத்து, அவர் கணவர் எந்த எந்த ஊரில் வேலை பார்த்தார், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். சாயங்காலங்களில் பதிவறையில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தேடினார். வேறு இனிஷியலோடு, வேறொரு கட்டின் அடியில் கிடந்தது. தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீசுக்குக் கருத்துரு போன பிறகும், நிலவரம் விசாரித்து அந்தம்மாவுக்கு அவரே போன் பண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் ஓய்வூதியம் வந்ததும் அந்தம்மா ஒரு டப்பா நிறைய சீடை கொண்டுவந்தார். சார் உடனே நடத்தை விதிகளை எடுத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. உங்க அக்கா குடுத்தா வாங்க மாட்டியா?" என்றார் அந்தம்மா. விதி, உட்பிரிவு எல்லாம் வைத்திருக்கும் மனிதரிடம் அதற்குப் பதில் இல்லை. கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று வராண்டாவுக்குப் போனார். ரொம்ப நேரம் துடைத்தார். அதற்குள் சீடையை நாங்கள் காலி செய்துவிட்டோம், அது வேறு விஷயம்.

சார் 58 வயதில் போயிருக்க வேண்டியவர். 2020-ல் அரசு அதை 59 ஆக்கியது, 2021-ல் 60 ஆக்கியது. மூன்றாவதாக ஓர் அரசாணை வந்துவிடாதா என்று இன்று காலைத் தபாலை நானே பிரித்துப் பார்த்தேன். வரவில்லை. அந்தத் தபாலைப் பதிவேட்டில் ஏற்றும்போது நடுவில் ஒரு எண்ணை விட்டுவிட்டேன். சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, என் பேனாவை வாங்கித் திருத்தினார். எனக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். "நாளைக்குப் பாத்துப் பண்ணும்மா" என்றார்.

சரி, இதற்கு மேல் பேசினால் எனக்கும் கண்ணாடி துடைக்க வேண்டியிருக்கும். கண்காணிப்பாளர் இப்போது பொன்னாடை போர்த்துவார். பரிசாக ஒரு கைக்கடிகாரம் வைத்திருக்கிறோம். பில் உள்ளே இருக்கிறது சார், சரிபார்த்துக்கொள்ளலாம். பிறகு ஏற்புரைக்கு நீங்கள் வர வேண்டும். பக்கத்து ஹாலில் சாம்பார் சாதம் ஆறுகிறது, ஆனாலும் நீங்கள் நிதானமாகவே பேசுங்கள்.