ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்திலிருந்து மாமா வீட்டுக்கு நடந்து வரும் வழி

சித்தி, மாமா பில் தாளின் பின்பக்கம் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பிய படம் தலைகால் புரியவில்லை என்றீர்களே, உட்கார்ந்து வரிசையாக எழுதிவிட்டேன். ஞாயிறு காலை பால் காய்ச்சும் நேரத்துக்குள் வந்து சேர இது போதும். தூரம் மட்டும் முழுசாக இல்லை. மாமா எங்கே எழுதவில்லையோ அங்கே ‘தூரம் இல்லை’ என்று போட்டிருக்கிறேன், நானாக எதையும் நிரப்பவில்லை.

முதலில் ஒன்று. படத்தை நிமிர்த்திப் பிடித்தால் மேலே இருப்பது வடக்கு என்றுதான் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்து முதல் தடவை எல்லாத் திருப்பத்தையும் மாற்றி எழுதினேன். மாமா ராஜகோபுரத்தை மேல் ஓரத்தில் வரைந்திருக்கிறார். கோயிலுக்குத் தெற்கே நிற்கிற கோபுரம் அது. அப்புறம் ‘தேர்’ என்று எழுதி ஒரு கட்டம் போட்டிருக்கிறாரே, அது தாளில் இடது பக்கம் இருக்கிறது. தேர்முட்டி இருப்பதோ கீழச்சித்திரை வீதியில். ஆக, தாளின் மேல்பக்கம் தெற்கு, இடது பக்கம் கிழக்கு. படத்தைப் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். கீழே உள்ள இடக்கை, வலக்கை எல்லாம் நடப்பவருடைய கைதான்.

1. ராஜகோபுரத்தின் வெளியே, கோபுரத்தைப் பார்த்து நில்லுங்கள். பதின்மூன்று நிலைக் கோபுரம், ஆட்டோக்காரர் வேறு எங்கும் இறக்கிவிட வழியில்லை. வாசல் வழியாக நேரே உள்ளே போங்கள்.

2. குறுக்கே அடையவளஞ்சான் வீதி வரும். திரும்ப வேண்டாம். நேரே போனால் இரண்டாவது கோபுரம், அதையும் கடந்துவிடுங்கள். இரண்டு கோபுரத்துக்கும் நடுவே மாமா ‘கொஞ்ச தூரம்’ என்று எழுதியிருக்கிறார். மாமாவின் கொஞ்சம் நமக்குத் தெரியும். தூரம் இல்லை.

3. இரண்டாவது கோபுரம் தாண்டியதும் தெற்குச் சித்திரை வீதி. அங்கே வலக்கைப் பக்கம் திரும்புங்கள். மூன்றாவது கோபுரம் வந்துவிட்டால் ஒரு வீதி அதிகம் நடந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், திரும்பி வாருங்கள்.

4. வீதி முடியும் முக்கு வரை போய் இடக்கைப் பக்கம் திரும்புங்கள். இது கீழச்சித்திரை வீதி. முக்கு வரைக்கும் ‘2 நிமிஷம்’ என்று போட்டிருக்கிறார். அது அவர் சைக்கிளில் போகிற நிமிஷமா, நடக்கிற நிமிஷமா தெரியவில்லை. பெரியம்மாவின் முழங்காலோடு கூட்டிப் பாருங்கள். தூரம் இல்லை.

5. தேர்முட்டியைத் தாண்டி நடங்கள். தேர்முட்டியிலிருந்து ‘50 அடி’ என்று எழுதி வலக்கைப் பக்கம் ஒரு சந்து காட்டியிருக்கிறார். மொத்தப் படத்திலும் எண்ணாக இருக்கும் ஒரே தூரம் இதுதான், இதிலும் ஒரு சிக்கல். நாடாவில் அளக்கிற அடியா, காலடியா? அளக்கிற அடி என்றால் இருபது எட்டுக்குள் சந்து வந்துவிடும். காலடி என்றால் இரண்டு மடங்குக்கு மேல் நடக்க வேண்டும். அதனால் அடியை எண்ணாதீர்கள், அடையாளத்தைப் பாருங்கள்: சந்து முனையில் அடிபம்பு, பக்கத்தில் சின்ன கோயில். கோயிலின் பெயரில் தாளின் மடிப்பு விழுந்து ‘பி’யும் ‘யார்’உம் மட்டும் தெரிகிறது. பிள்ளையாராகத்தான் இருக்க வேண்டும்.

6. சந்துக்குள் இடக்கைப் பக்கம் மூன்றாவது வீடு. சந்து எவ்வளவு நீளம் என்று இல்லை. மூன்று வீடுதான் என்பதால் பரவாயில்லை. கதவு எண் போட்டோவின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. ‘17/’ வரை தெரிகிறது, மீதி இல்லை. முதலில் இருப்பது பழைய எண்ணா புதிய எண்ணா என்றும் சொல்ல முடியாது. வாசலில் 17 என்று பார்த்தவுடன் காலிங் பெல்லை அழுத்திவிடாதீர்கள்.

சந்தைத் தவறவிட்டு வடக்குச் சித்திரை வீதி முக்கு வரை போய்விட்டால், அங்கேயே நின்று எனக்குப் போன் பண்ணுங்கள், நான் வந்து கூட்டிப் போகிறேன்.

மாமாவிடம் மூன்று விஷயம் கேட்டு வைத்திருக்கிறேன்: 50 அடி எந்த அடி, 2 நிமிஷம் எதில், கதவு எண்ணின் மீதி என்ன. முதல் கேள்விக்கே “நேரே வந்தா தெரியும்டா” என்றார். நாளைக் காலை நானே ராஜகோபுரத்திலிருந்து எட்டை எண்ணிக்கொண்டே நடந்து பார்த்து, தூரம் விட்டுப்போன இடங்களில் எண்ணைப் போட்டு மறுபடி அனுப்புகிறேன். பெரியம்மாவுக்கு இதை அனுப்புவதாக இருந்தால் அதுவரை பொறுங்கள்.