நம்ம குரூப்புக்கு ஒரு பேர்: ஞாயிறு ராத்திரிக்குள் ஓட்டுப் போடவும்

தாத்தா, ஆயா, பெரியவர்கள் எல்லாருக்கும் வணக்கம். தம்பி தங்கச்சிகளே, மியூட்டில் போட்டு வைத்திருப்பவர்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இதைக் கடைசி வரை படியுங்கள்.

கவி கல்யாணத்துக்காக பெரியவங்க குரூப், கசின்ஸ் குரூப், கல்யாண கமிட்டி குரூப் மூன்றையும் ஒன்றாக்கியாகிவிட்டது. காரணம் தெரியும்தானே. தாத்தா அனுப்பும் காலை வணக்கம் கமிட்டியில் போய் விழுகிறது. சமையல் மாஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுத்த ரசீது பசங்க குரூப்பில் மீம்ஸுக்கு நடுவில் கிடக்கிறது. அரூர் அத்தைக்கு எந்தத் தகவலும் வருவதில்லை, வந்தாலும் மூன்று தடவை வருகிறது. சேர்த்ததெல்லாம் சரி, பேர் இன்னும் "புது குரூப்" என்றே இருக்கிறது. பந்தக்கால் நடுவதற்குள் ஒரு பேர் வைத்தாக வேண்டும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

வந்த பேர்களை எல்லாம் திரட்டியிருக்கிறேன். யார் சொன்ன பேரையும் தள்ளவில்லை, ஆனால் என் அபிப்பிராயத்தையும் கூடவே எழுதிவிடுகிறேன். அட்மினுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

முதலில் பெரியப்பா சொன்னது: "கவி திருமணக் கொண்டாட்டக் குழு மற்றும் உறவினர்கள்". அர்த்தம் எல்லாம் அடங்கியிருக்கிறது, குறையே இல்லை. வாட்ஸ்அப் நூறு எழுத்து வரைக்கும் இடம் தருகிறது என்று பெரியப்பா சொன்னதும் உண்மைதான். ஆனால் தாத்தா போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறோம். அதில் போட்டுப் பார்த்தேன், "கவி திருமணக் கொண்டா…" என்று நின்றுவிட்டது. ஆயா அதைப் பார்த்து, எதைக் கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று கேட்டது. அதனால் பேர் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல்.

"கவி கல்யாணம்" சின்னதுதான், ஆயாவுக்கும் படிக்க வரும். ஆனால் தை முடிந்ததும் என்ன செய்வது? மாசியில் வளைகாப்பு, சித்திரையில் மொட்டை என்று அடுத்தடுத்து வரிசையில் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரூப் திறந்ததால்தான் இந்த நிலைமைக்கு வந்தோம். "பந்தக்கால்" என்று சின்ன அண்ணி சொன்னதும் மங்கலமான பேர், எனக்குப் பிடித்தது. ஆனாலும் கதை அதேதான், கல்யாணம் முடிந்ததும் பிடுங்கி வைத்துவிடுவோம்.

பசங்க தரப்பிலிருந்து வந்தவை: "களி உருண்டை", "பெங்களூரா பாய்ஸ்", "ஒகேனக்கல் வெள்ளம்".

களி உருண்டைக்குத் தாத்தா உடனே சரி என்றார், ஆச்சரியமே இல்லை. எனக்கும் களியும் கீரைக் கடைசலும் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். ஆனால் பர்கூர் சம்பந்தி வீட்டாரையும் இதில் சேர்க்கப் போகிறோம். அழைப்பு போனதும் கல்யாணச் சாப்பாடே களிதான் என்று நினைத்துக்கொள்வார்கள். மெனு பற்றி ஏற்கெனவே இருக்கும் சண்டை போதும்.

பெங்களூரா பாய்ஸ்: மாங்காயில் பேர் வைத்ததற்குப் பாராட்டு. ஜூஸ் ஃபேக்டரிக்குப் போகிற காயின் பேரை வைத்துக்கொண்டு பாய்ஸ் என்றால், அத்தைகளும் அக்காமார்களும் எங்கே போவது? முறுக்கு சுற்றுவது யார், பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவது யார் என்று யோசித்துவிட்டு அடுத்த பேர் சொல்லவும்.

ஒகேனக்கல் வெள்ளம் என்று வைத்த தம்பி புத்திசாலிதான். ஒரே நாளில் இங்கே வருகிற மெசேஜைப் பார்த்தால் விநாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி என்று அறிவிப்பே வெளியிடலாம். ஆனால் கல்யாண வீட்டில் வெள்ளம் என்று வாயில் வரக் கூடாது என்று ஆயா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக "பரிசல்" என்று வைக்கலாமா என்று அவனே கேட்டான். இது நல்ல பேர். நான்கே எழுத்து இருக்கும், மூன்று என்று எண்ணுபவர்கள் அரூர் மாமாவிடம் பாடம் கேட்கவும். தாத்தாவும் சொல்வார், பசங்களுக்கும் கூச்சமில்லை. பட்டியலில் வைத்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் மாமா "மாந்தோப்பு" என்றார். கல்யாணம் தையில், மா பூக்கிற சமயம், மாமா தோப்பில்தான் குடும்பப் போட்டோவும் எடுக்கப் போகிறோம். அழகான பேர். ஆனால் தோப்பு என்ற பேச்சு எடுத்தாலே நம் வீட்டில் வேறொரு பேச்சும் தொடங்கும். அது என்னவென்று எல்லாருக்கும் தெரியும், நான் இங்கே எழுத மாட்டேன். கல்யாணம் முடிகிற வரைக்கும் தோப்பு வேண்டாம் மாமா, தப்பாக நினைக்காதீர்கள்.

"திண்ணை" என்று மூன்று பேர் சொன்னார்கள். பெரியப்பாவின் பாலக்கோடு நண்பர்கள் குரூப்புக்கு அதே பேர். இரண்டு திண்ணை இருந்தால் மொய்க் கணக்கு எந்தத் திண்ணைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. இதே காரணத்தால் "குடும்பம்" என்று தொடங்குகிற எந்தப் பேரும் வேண்டாம். தாத்தா போனில் அப்படி ஏற்கெனவே நான்கு இருக்கிறது.

சாதிப் பேர், குலப் பேர் சேர்த்தும் ஒன்று வந்தது. அது வேண்டாம். மருமகள்களும் மருமகன்களும் எல்லா வீட்டிலிருந்தும் வந்திருக்கிறார்கள், பிள்ளைகளின் நண்பர்களும் வேலைக்கு உதவ இதில் சேருவார்கள். இதில் விவாதம் வேண்டாம்.

இனி எனக்குப் பிடித்தவை. அரூர் மாமா (தமிழ் வாத்தியார் சும்மா இருப்பாரா) "தகடூர் சொந்தங்கள்" என்று எழுதினார். தருமபுரியின் பழைய பேர், அதியமான் ஆண்ட ஊர். உடனே ஓசூர்க்காரர்களும் கிருஷ்ணகிரிக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள், நாங்கள் எப்படித் தகடூர் என்று. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதிலிருந்து இவர்களுக்கு இருக்கிற மிடுக்கு சொல்லி மாளாது. நானும் ஓசூரில்தான் இருக்கிறேன், அதனால் சொல்லலாம். இந்தச் சண்டையிலிருந்தே ஒரு பேர் கிடைத்தது, "பிரிக்காத ஜில்லா". காரிமங்கலம் பெண்ணும் பர்கூர் மாப்பிள்ளையும் கல்யாணம் செய்தால் இரண்டு ஜில்லாவும் மறுபடி சேர்ந்த கணக்குத்தானே. சம்பந்தி வீட்டாருக்கும் இது பிடிக்கும். படித்துக் காட்டியதும் தாத்தா சிரித்தார். அப்புறம், அது என்ன பிரிக்காத ஜில்லா, பிரிக்காததென்றால் சேலம் ஜில்லாதான் என்றார். 1965 அக்டோபர் 2 வரைக்கும் தருமபுரியே சேலத்தில்தான் இருந்தது என்பதால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தாத்தாவுக்காக சேலத்தையும் சேர்த்தால் நாமக்கல்காரர்களும் வந்து நிற்பார்கள். அந்த வம்பு வேண்டாம்.

"புளியமரத்து வீடு" ஆயா சொன்னது. காரிமங்கலம் பக்கம் யாரைக் கேட்டாலும் நம்மை அப்படித்தான் சொல்கிறார்கள், கூரியர்காரர்கூட அதைச் சொல்லித்தான் வழி கேட்கிறார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மாறாது. ஒரே ஒரு யோசனை: பர்கூர்க்காரர்கள் இதில் விருந்தாளிகள் மாதிரி உணர்வார்களோ என்று சித்தி கேட்டார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை, கவி அங்கே போகிற மாதிரி அவர்கள் இங்கே வரட்டுமே. ஆனால் சித்தி பெண்ணைப் பெற்றவர், அவர் சொல்லையும் தள்ள முடியாது.

கடைசியாக "நெல்லிக்கனி". தகடூர் போய் அதியமான் மிஞ்சினான், அதியமான் போய் அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லி மிஞ்சியது. கிடைத்தற்கரிய கனியைத் தான் தின்னாமல் பெரியவரிடம் கொடுத்தவன் நம் ஊர்க்காரன். அதை ஔவை பாடியது புறநானூற்றில் 91ஆம் பாட்டு என்று மாமா எண்ணோடு அனுப்பியிருக்கிறார், சந்தேகம் இருப்பவர்கள் அவரையே கேட்கலாம், ஒரு மணி நேரம் கையில் இருந்தால். தாத்தா ஆயாவின் ஆயுசுக்கும் பொருத்தம், கல்யாணத்துக்கும் மங்கலம், பசங்க "நெல்லி" என்று சுருக்கிக்கொள்வார்கள். சம்பந்தி வீட்டாருக்கும் இதில் பாதி பங்கு உண்டு, அதியமான் ஆண்ட காலத்தில் எந்த ஜில்லாவும் இல்லை. என் ஓட்டு இதற்குத்தான். மறைத்து வைக்க ஒன்றுமில்லை.

ஆக, ஓட்டுக்குப் போவது நான்கு: "பரிசல்", "பிரிக்காத ஜில்லா", "புளியமரத்து வீடு", "நெல்லிக்கனி". கீழே ஓட்டெடுப்பு போட்டிருக்கிறேன், ஒன்றை மட்டும் தொடவும். தாத்தாவும் ஆயாவும் வாய்ஸ் மெசேஜில் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன். அவர்கள் ஓட்டு தலைக்கு இரண்டு, இதற்கும் விவாதம் கிடையாது. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு மூடிவிடுவேன். யார் வேண்டுமானாலும் பேரை மாற்றலாம் என்ற வசதியையும் அப்போதே நிறுத்திவிடுவேன். போன தீபாவளிக்குப் பெரியப்பா தூங்கி எழுவதற்குள் குரூப் பேர் ஏழு தடவை மாறியதை மறக்கவில்லை, யாரென்றும் தெரியும்.

இன்னொன்று. எந்தப் பேர் வந்தாலும் பணக் கணக்கு மட்டும் ஐந்து பேர் கொண்ட தனிக் குரூப்பில் இருக்கும். அதன் பேர் "வேலை" என்று தொடங்கும்: "வேலை நெல்லி", "வேலைப் பரிசல்" இப்படி. வித்தியாசமான சொல்லை முன்னால் வைப்பது வேண்டுமென்றேதான், ஃபார்வர்டு செய்யும்போது பட்டியலில் கை மாறிப் போகாது. பசங்க தங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்வதானால் "வாலு நெல்லி" என்று வைத்துக்கொள்ளட்டும். அதில் என்னைச் சேர்க்க வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட் எனக்கு எப்படியும் வந்துவிடும்.

டிபி போட்டோவாக ஆயா புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற படம்தான் இருக்கும், எந்தப் பேர் ஜெயித்தாலும்.

சித்தப்பா, மண்டபத்தில் ஜெனரேட்டர் வாடகையில் சேர்த்தியா தனியா என்று கேட்டீர்களே, தனியாம். டீசலும் நாமே போட வேண்டுமாம். நாளைக்குப் போன் செய்கிறேன்.