ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மதிப்புரை: பொறுமையான பயிற்சியாளர், சீரற்ற இரண்டாவது கார், பாதி வழியில் நின்ற தேர்வுப் பயிற்சி

இந்தப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு வயது 43. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் நான்கே வகுப்புகளுக்குச் சென்று, பக்கத்து இருக்கையிலிருந்து வந்த கூச்சலைத் தாங்க முடியாமல் நின்றுவிட்டேன். ஆகவே இம்முறை சேருவதற்கு முன் நான் தேடியது வேகமாகக் கற்றுத்தரும் இடத்தை அன்று, பதற்றப்படுபவரைப் பதற்றப்படுத்தாத இடத்தை. தலா 45 நிமிடங்கள் கொண்ட 20 வகுப்புகள், முதல் தேர்வில் தோற்ற பிறகு மேலும் 4 வகுப்புகள், இரண்டாவது தேர்வில் வெற்றி என்று என் பயிற்சி முடிந்திருக்கிறது. கியர் மாற்றி ஓட்டும் காரில்தான் கற்றேன். என் நிலையில் இருக்கும் ஒருவருக்குப் பயன்படும் என்பதால், நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பயிற்சியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பள்ளியின் பெரும்பலம் அவர்தான். முதல் வகுப்பில் முதல் கால்மணி நேரத்துக்கு அவர் எஞ்சினை இயக்கவே விடவில்லை. கிளட்சை முழுவதுமாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி இருக்கையை நகர்த்துவது, மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்வது, அவற்றில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்ப்பது ஆகியவற்றிலேயே அந்த நேரம் சென்றது. அவர் இறங்கிக் காரின் பக்கவாட்டில் மெல்ல நடந்து வந்து, எந்த இடத்தில் தாம் கண்ணாடியிலிருந்து மறைந்துபோகிறார் என்று என்னையே சொல்லச் சொன்னார். கண்ணாடியை மட்டும் நம்பாமல் தோளுக்கு மேலாகவும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

மூன்றாவது வகுப்பில் ஒரு சந்திப்பில் நான்கு முறை தொடர்ந்து வண்டியை அணைத்துவிட்டேன். பின்னால் ஹாரன் ஒலித்துக்கொண்டே இருந்தது, என் கால் நடுங்கியது. அவர் குரலை உயர்த்தவில்லை, ஸ்டீயரிங்கையும் பிடுங்கவில்லை. "பின்னால இருக்கறவங்க காத்திருப்பாங்கம்மா. ஹேண்ட் பிரேக் போடுங்க, நியூட்ரலுக்கு வாங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்" என்றார். அந்த மூன்று செயல்களும் அதே வரிசையில் எனக்கு இன்றும் கைகொடுக்கின்றன. சந்திப்பைக் கடந்ததும் ஆளில்லாத சமதளச் சாலை ஒன்றின் ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடுவித்து, எஞ்சினின் ஒலி எந்த இடத்தில் கனத்துத் தாழ்கிறது என்று கேட்கச் சொன்னார். அதுவரை "பாதி கிளட்ச்" என்று எத்தனை முறை சொல்லியும் எனக்குப் பிடிபடாத இடம், காதால் கேட்டபோது பிடிபட்டது. ஒரே சொல்லைப் பத்து முறை சொல்வதைப் பொறுமை என்று பலரும் நினைக்கிறார்கள். சொன்னது புரியவில்லை என்று தெரிந்தவுடன் வேறு வழியில் சொல்லிப் பார்க்கும் மனம் வாய்ப்பது அரிது, அது இவரிடம் இருந்தது.

இன்னொன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். பயிற்சிக் கார்களில் பயிற்சியாளரின் காலடியிலும் பிரேக்கும் கிளட்சும் இருக்கும். அவர் சத்தமில்லாமல் மிதித்துவிட்டால், வண்டியை நாமே சரியாக நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்புவோம். இவர் மிதித்த ஒவ்வொரு முறையும், "இப்ப நிறுத்துனது நான், நீங்க இல்ல" என்று சொல்லிவிடுவார். கேட்கும்போது சற்று வலிக்கும்தான். ஆனால் 14-ஆம் வகுப்பில் தொடக்கம் முதல் இறுதிவரை அவர் ஒருமுறையும் அப்படிச் சொல்லவில்லை என்பதை உணர்ந்தபோது எனக்கு வந்த தன்னம்பிக்கை பொய்யானதாக இல்லை.

குறை என்று சொன்னால், அவருடைய நிதானம் சில இடங்களில் அளவுக்கு மீறிப்போனது. 12-ஆம் வகுப்புவரை நான் மூன்றாவது கியரைத் தாண்டவில்லை, நெரிசலான சாலைக்கும் செல்லவில்லை. நானாகக் கேட்ட பிறகுதான் அழைத்துச் சென்றார். பயப்படும் மாணவரை அவசரப்படுத்தக் கூடாது என்பது சரிதான், ஆனாலும் அடுத்த படி எப்போது என்று மாணவரே கேட்கும் நிலை இருக்கக் கூடாது. அவர் விடுப்பில் இருந்த இரண்டு நாள்களில் வந்த மாற்றுப் பயிற்சியாளரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல இயலவில்லை. வகுப்பின் நடுவே கைபேசியில் பேசினார், நான் திரும்பத் தாமதித்தால் சொல்லாமலே ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினார். அலுவலகத்தில் முறையிட்டதும் அந்த இரண்டு வகுப்புகளையும் கட்டணமின்றி மீண்டும் நடத்திக் கொடுத்தார்கள் என்பதையும் நியாயமாகப் பதிவு செய்ய வேண்டும்.

அடுத்து வாகனங்கள். பள்ளியில் இரண்டு பயிற்சிக் கார்கள் உள்ளன. முதல் காரைக் குறித்து எனக்கு எந்தப் புகாரும் இல்லை. பிரேக் சீராகப் பிடித்தது, டயர்களின் வரிப்பள்ளங்கள் ஆழமாக இருந்தன, இருக்கைப் பட்டைகள் தடையின்றி இழுபட்டன, காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை சோதிப்பதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாவது காரில்தான் சிக்கல். அதன் கிளட்ச் மிதி ஏறத்தாழ முழுவதும் மேலே வந்த பிறகே பிடித்தது. தேய்ந்த கிளட்சின் அடையாளம் அது. பழகுபவர்கள் நாள் முழுவதும் பாதி கிளட்சிலேயே நிற்பதால் பயிற்சிக் காரின் கிளட்ச் மற்றக் கார்களைவிட விரைவாகத் தேயும், அதை உரிய காலத்தில் மாற்றுவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். முதல் காரில் பழகிய காலுக்கு இந்தக் காரில் எல்லாம் தாமதமாக நடந்தது, தவறு என்னுடையது என்றே இரண்டு வகுப்புகள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். கற்றுக்கொள்பவருக்கு வண்டியின் பழுதையும் தன் பிழையையும் பிரித்தறியத் தெரியாது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அதே காரில் ஒரு பக்கக் கண்ணாடியின் மோட்டார் வேலை செய்யவில்லை, கையால் தள்ளித்தான் சரிசெய்ய வேண்டும். துடைப்பான் மழையில் கோடு கோடாகத் தண்ணீரை விட்டுச் சென்றது. பயிற்சியாளர் பக்கத்துப் பிரேக் இரண்டு கார்களிலும் நன்றாகவே இருந்தது, அதை வகுப்பின் தொடக்கத்தில் ஒருமுறை மிதித்துக் காட்டிய பிறகே புறப்படுவார்கள்.

இனி உரிமத் தேர்வுக்கான பயிற்சி. எழுத்துத் தேர்வுக்கு இவர்கள் தரும் பயிற்சி சிறப்பானது. சாலைக் குறியீடுகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ஒவ்வொரு விதிக்கும் காரணத்தைச் சொல்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதை, முன்னால் செல்லும் வண்டிக்கும் நமக்கும் விட வேண்டிய இடைவெளியோடு சேர்த்துச் சாலையிலேயே விளக்கினார்கள். முன் செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்த பின் நாம் அதே கம்பத்தை அடைய இரண்டு விநாடியாவது ஆக வேண்டும், ஈரச் சாலையில் அதை இரட்டிப்பாக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவும் வைத்தார்கள். எழுத்துத் தேர்வில் நான் முதல் முறையிலேயே தேறினேன்.

ஓட்டும் தேர்வுக்கான பயிற்சியில்தான் பள்ளி தன் மாணவர்களுக்குக் குறை வைக்கிறது. மேட்டில் நிறுத்தி எடுப்பதைச் சரியாகக் கற்றுத் தந்தார்கள்: ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சை அது பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவது. ஆனால் பின்னோக்கிச் சென்று நிறுத்துவதை அடையாளங்களை வைத்தே சொல்லிக் கொடுத்தார்கள். பின்பக்கச் சன்னலின் மூலையில் கம்பம் தெரிந்ததும் ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பு, கண்ணாடியில் இரண்டாவது கம்பம் வந்ததும் நேராக்கு என்பதுதான் பாடம். முதல் காரில், என் இருக்கை உயரத்தில், பள்ளியின் மைதானத்தில் அது பத்துக்குப் பத்து முறையும் பலித்தது.

தேர்வு நாளன்று முதல் கார் பழுதுபார்க்கச் சென்றிருந்தது, இரண்டாவது காரைக் கொண்டுவந்தார்கள். அதன் இருக்கை தாழ்வானது, சன்னலின் மூலை வேறிடத்தில் இருந்தது. நான் மனப்பாடம் செய்திருந்த அடையாளம் வந்தபோது கார் வந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பின் சக்கரம் கோட்டை மிதித்தது, சரிசெய்ய முயன்றபோது கம்பத்தில் இடித்தேன். தேர்வாளர் கண்ணியமாகவே தோல்வியைத் தெரிவித்தார். அன்று எனக்கு இருந்த வருத்தம் தோற்றதற்காக மட்டும் அன்று. கார் எப்படித் திரும்புகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே தேர்வுக்குச் சென்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

பிறகு நடந்த நான்கு வகுப்புகளில் அதே பயிற்சியாளர், நான் கேட்டுக்கொண்டபடி, எல்லா அடையாளங்களையும் விட்டுவிட்டுத் தொடங்கினார். பக்கக் கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்து, பின் சக்கரத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்த்துக்கொண்டு, நடக்கும் வேகத்தைவிடக் குறைவாகப் பின்னே செல்லச் சொன்னார். திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட உள்வாங்கி வரும் என்பதையும், பின்னோக்கித் திருப்பும்போது காரின் முன்பகுதி வெளியே வீசும் என்பதையும் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினார். இரண்டு கார்களிலும் மாறி மாறி ஓட்டினேன். இரண்டாவது தேர்வில் தேர்வாளர் நிறுத்தச் சொன்ன இடம் நான் பழகியதைவிடக் குறுகலானது, ஆனாலும் ஒரே முயற்சியில் நிறுத்தினேன். இதைக் கற்பிக்க அவருக்குத் தெரியாமல் இல்லை. பள்ளி வகுத்திருக்கும் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதுதான் என் மனக்குறை. மாதிரித் தேர்வு ஒன்றையேனும் அறிமுகமில்லாத சாலையில், வேறொரு பயிற்சியாளரைத் தேர்வாளராக அமர்த்தி நடத்தியிருந்தால், என் பிழை தேர்வுக்கு முன்பே தெரிந்திருக்கும். இரவிலும் மழையிலும் ஓட்டுவதற்கு ஒரு வகுப்புகூட ஒதுக்கப்படவில்லை. மழையில் ஓட்டிய ஒரே நாள், தற்செயலாக மழை வந்த நாள்.

வகுப்பு நேரங்களை மாற்றிக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை, கட்டண விவரங்களும் தொடக்கத்திலேயே எழுத்தில் தரப்பட்டன.

பொறுமைக்கு ஐந்துக்கு ஐந்து, வாகனங்களுக்கு மூன்று, தேர்வுப் பயிற்சிக்கு மூன்று என்று மதிப்பெண் தருகிறேன். அடுத்த மாதம் என் அக்கா மகள் இதே பள்ளியில் சேருகிறாள். அதே பயிற்சியாளரைக் கேட்டு வாங்கவும், பத்தாவது வகுப்புக்குள் நெரிசலான சாலைக்கு அழைத்துச் செல்லச் சொல்லவும், இரண்டாவது காரின் கிளட்ச் மாற்றப்பட்டுவிட்டதா என்று சேரும் நாளிலேயே விசாரிக்கவும், தேர்வுக்கு எந்தக் கார் வரும் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு கடைசி வகுப்புகளை அந்தக் காரிலேயே ஓட்டவும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.